நோற்ற நோன்பிலேன்: நம்மாழ்வார் பக்தியையும் சேர்த்தா மறுக்கிறார்?

வழிப்போக்கன்

எல்லோருக்கும் வணக்கம். திருவாய்மொழி ஐந்தாம் பத்தில் சிரீவரமங்கை (நாங்குநேரி வானமாமலை) பதிகம் இப்படித் தொடங்குகிறது:

*நோற்ற நோன்பிலேன் நுண்ணறிவிலேன் ஆகிலும் இனி உன்னை விட்டு ஒன்றும் ஆற்றகிற்கின்றிலேன்*

நோன்பு இல்லை என்றால் கர்மம் இல்லை, நுண்ணறிவு இல்லை என்றால் ஞானம் இல்லை. அதுவரை எனக்கும் புரிகிறது. ஆனால் ஓர் உபன்யாசத்தில், "இந்த இரண்டையும் சொன்னதாலேயே பக்தியும் இல்லை என்று ஆகிவிட்டது" என்றார்கள். அங்கேதான் எனக்கு உதைக்கிறது. ஆயிரத்துக்கு மேல் பாசுரங்களில் உருகி உருகிப் பாடியவருக்கே பக்தி இல்லை என்றால் அப்புறம் யாருக்குத்தான் இருக்கிறது? அன்பு வழி, அறிவு வழி, செயல் வழி என்று மூன்றாகப் பிரித்து, ஆழ்வார்களை முதலாவதில் வைத்துத்தான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். அவரோ மூன்றிலும் நான் இல்லை என்கிறாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சுடர்க்கொடி

இதில் குழம்ப ஒன்றும் இல்லை சகோ. இது நைச்சியம், அதாவது தன்னைத் தாழ்த்திக்கொண்டு பேசுவது. எல்லா அடியார்களும் செய்வதுதான். நிறைகுடம் தளும்பாது. ஞானம் படித்தவர்களுக்கு, கர்மம் உழைப்பவர்களுக்கு, பக்தி எல்லோருக்கும். மூன்றிலும் எளியது பக்திதான், மனம் இருந்தால் போதும். ஆழ்வார் பணிவால் அப்படிச் சொன்னார், அவ்வளவே.

---

திருநகரி

வழிப்போக்கன், நீங்கள் கேட்ட உபன்யாசம் சரிதான். உரைகள் அப்படித்தான் சொல்கின்றன. சுடர்க்கொடி சொல்வது போல நைச்சியம் இதில் இருக்கிறது, ஆனால் அதோடு நிறுத்தினால் பாட்டின் பாதிதான் கையில் கிடைக்கும்.

"பக்தி எளியது" என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே பக்தி என்றால் என்ன என்று விவரிக்கிறார். இடையறாத நினைவு. எண்ணெய் ஒழுக்கு போல நடுவில் அறுபடாமல் போகும் நினைவு. அது முற்றி முற்றி, நேரில் பார்ப்பதற்குச் சமமான தெளிவை அடைய வேண்டும். அந்த நினைவு நினைப்பவனுக்கே மிக இனியதாக இருக்க வேண்டும். இதைத்தான் அவர் மோட்சத்துக்கு வழி என்கிறார். கண்ணில் நீர் மல்கிக் கோயிலில் நிற்பதைச் சொல்லவில்லை.

அந்த நினைவு சும்மா வராது. ஏழு பயிற்சிகளைப் பழைய ஆசிரியர் ஒருவரின் வாக்கிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். உணவில் தூய்மை, ஆசைகளில் ஒட்டாமை, திரும்பத் திரும்பப் பழகுதல், அன்றாட வேள்விக் கடமைகளை விடாமல் செய்தல், உண்மை இரக்கம் போன்ற நற்குணங்கள், மனம் சோர்ந்துபோகாமை. ஏழாவதுதான் எனக்குப் பிடித்தது: மிதமிஞ்சிக் குதூகலிக்காமலும் இருக்க வேண்டுமாம். இத்தனையும் வாழ்நாள் முழுக்க, நாளுக்கு நாள்.

ஆக அந்த முறையில் கர்மமும் ஞானமும் பக்திக்குப் போட்டி வழிகள் இல்லை, அதன் உறுப்புகள். பலன் கருதாத செயலால் மனம் தெளிய வேண்டும். அந்தத் தெளிவில் தன் ஆத்மாவின் இயல்பு தெரிய வேண்டும். அதன் மேல்தான் பக்தி கட்டப்படுகிறது. ஞானமே இனிமை ஏறி முற்றிய நிலைக்குத்தான் அவர் பக்தி என்று பேர் வைக்கிறார். இப்போது பாட்டைப் பாருங்கள். கீழ்த்தளம் இல்லை, நடுத்தளம் இல்லை என்று ஒருவர் சொன்னால் மேல்தளம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆளவந்தார் இதையே ஸ்தோத்ர ரத்னத்தில் ஒளிவுமறைவில்லாமல் மூன்றாகவே சொல்லிவிட்டார். தர்மத்தில் நிலைத்தவன் அல்லேன், ஆத்மாவை அறிந்தவன் அல்லேன், உன் திருவடியில் பக்தி உடையவனும் அல்லேன் என்று. அதற்குப் பிறகுதான் உன் காலே சரண் என்கிறார்.

---

கணக்கர்

எனக்குப் பாசுரம் அவ்வளவு தெரியாது, கீதை தெரியும். அலுவலக வேலை, வீடு, கடன் என்று ஓடுகிறவனுக்கு எது ஒத்துவரும் என்பதுதான் கேள்வி என்றால், 12ஆம் அத்தியாயத்தில் பதில் இருக்கிறது. மனத்தை என்னிடமே வை என்கிறார். முடியாவிட்டால் பழகு. அதுவும் முடியாவிட்டால் எனக்காகச் செயல் செய். அதுவும் முடியாவிட்டால் செயலின் பலனை விடு. உடனே அடுத்த சுலோகத்தில் பழக்கத்தைவிட ஞானம் மேல், ஞானத்தைவிடத் தியானம் மேல், தியானத்தைவிடப் பலனை விடுதல் மேல் என்று முடிக்கிறார். அப்போது செயல் வழிதானே உச்சியில் நிற்கிறது? நான் வேலையைச் செய்கிறேன், பலனை அவரிடம் விடுகிறேன். எனக்கு இது போதும்.

---

திருநகரி

கணக்கர் சார், கேள்வி "யாருக்கு எது ஒத்துவரும்" என்பது இல்லை. ஆனாலும் நீங்கள் எடுத்த இடம் நல்ல இடம், உரையாசிரியர்கள் எல்லோரும் அங்கே திணறியிருக்கிறார்கள்.

8ஆம் சுலோகத்திலிருந்து 11 வரை கண்ணன் இறங்கிக்கொண்டே வருகிறார். ஒவ்வொன்றிலும் "இது முடியாவிட்டால்" என்று இருக்கிறது. 12இல் திடீரென்று ஏறுகிற மாதிரி தெரிகிறது. சங்கரர் இதைப் புகழ்ச்சி என்கிறார். கடைசிப் படியில் நிற்பவனுக்குத் தெம்பு வரட்டும் என்று அந்தப் படியைப் பாராட்டிச் சொன்னது என்று. ராமானுஜர் வேறு மாதிரி பார்க்கிறார். பக்தி இன்னும் கைகூடாதவனுக்கு இப்போதைக்கு எது நல்லது என்பதன் வரிசை அது. பலனை விட்டுச் செய்த செயலால் மனம் அடங்கும், அடங்கிய மனத்தில் தியானம் வரும், அதிலிருந்து ஆத்ம ஞானம், கடைசியில் பக்தி. அதாவது இறங்கின படியிலேயே திரும்ப ஏறுகிறார். இரண்டு உரையிலும் பலனை விடுதல் உச்சி அல்ல, வாசல்.

---

கணக்கர்

உரைகள் சொல்வது இருக்கட்டும் சார். மூலத்தில் "விட்டால் உடனே அமைதி" என்று இருக்கிறதே. அந்த "உடனே" மற்ற எந்தப் படிக்கும் சொல்லப்படவில்லை. வாசலில் நிற்பவனுக்கு உடனே அமைதி கிடைத்துவிட்டால் அவன் எதற்கு உள்ளே போக வேண்டும்?

---

மௌனி

கணக்கர் கேட்டது நியாயமான கேள்வி. திருநகரி ஐயா அதற்குப் பதில் சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

என் பக்கம் ஒன்று. அன்பு என்றால் இருவர் வேண்டும். இருவர் இருக்கும்வரை பிரிவும் இருக்கும். ஆழ்வார் பாட்டெல்லாம் பிரிவில் துடிக்கும் பாட்டுதானே? ஞான வழியில் அந்தத் துடிப்புக்கே இடமில்லை. சங்கரர் பெயரில் வழங்கும் விவேகசூடாமணியில் மோட்சத்துக்கான சாதனங்களில் பக்தியே மேலானது என்று ஒரு வரி வரும். எல்லோரும் அங்கே கைதட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அடுத்த வரி, தன் சொந்த இயல்பை விடாமல் நாடுவதே பக்தி என்கிறது. அதாவது ஞானத்துக்கே அந்தப் பெயர். ராமானுஜரும் ஞானம் முற்றியதே பக்தி என்கிறார் என்றால், இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தானே வருகிறார்கள்?

---

திருநகரி

ஒரே இடம் மாதிரி தெரியும், இல்லை. சங்கர மரபில் பக்தியை ஞானமாகக் கரைக்கிறார்கள். கடைசியில் நினைப்பவன், நினைக்கப்படுபவன் என்ற இரண்டு மிஞ்சாது. ராமானுஜர் ஞானத்தை அன்பாகக் கனிய வைக்கிறார். கடைசியிலும் இருவர் உண்டு, அனுபவிப்பதற்கு ஒருவன் வேண்டும் என்பதற்காகவே உண்டு. துடிப்பு தீர்ந்துவிட வேண்டியது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர்களுக்கு மோட்சத்திலும் அந்தப் பசி அடங்குவதில்லை, உணவும் குறைவதில்லை.

கணக்கர் கேட்ட "உடனே" பற்றி: அங்கே சொன்ன அமைதி மனத்தின் அமைதி, அடைய வேண்டியதை அடைந்த அமைதி இல்லை என்பது ராமானுஜர் வழி. இதை மூலமே கட்டாயப்படுத்துகிறதா என்றால், இல்லை.

---

வழிப்போக்கன்

திருநகரி ஐயா, பக்தி என்று அவர்கள் சொல்வது ஒரு முழுநேரப் பயிற்சி, அது இல்லை என்கிறார் என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பதிகத்தின் இரண்டாம் பாட்டு என்னைத் திரும்பக் குழப்புகிறது.

*அங்குற்றேன் அல்லேன் இங்குற்றேன் அல்லேன் உன்னைக் காணும் அவாவில் வீழ்ந்து நான் எங்குற்றேனும் அல்லேன்*

அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை, உன்னைப் பார்க்கும் ஆசையில் விழுந்து எங்குமே இல்லை. இது பக்தி இல்லையென்றால் வேறு என்ன? முதல் பாட்டில் இல்லை என்றது இரண்டாம் பாட்டில் கரைபுரண்டு ஓடுகிறதே. முதல் பாட்டிலேயே "உன்னை விட்டு ஒன்றும் ஆற்றகிற்கின்றிலேன்" என்று இருக்கிறது. உன்னைப் பிரிந்து கொஞ்சமும் தாங்க முடியவில்லை என்பவருக்கு அன்பு இல்லையா?

---

திருநகரி

இதுதான் விஷயம். நீங்களே அதைப் பிடித்துவிட்டீர்கள்.

பிள்ளை லோகாசாரியர் (13ஆம் நூற்றாண்டு) ஸ்ரீவசனபூஷணத்தில் சரணாகதி செய்பவர்களை மூன்று விதமாகப் பிரிக்கிறார். வேறு வழி எதுவும் தெரியாததால் சரணடைபவர்கள். இவர்கள் நம்மைப் போன்றவர்கள். ஞானம் மிகுந்து, தன் முயற்சியால் அவனை அடைவது என்பதே பொருந்தாது என்று கண்டு சரணடைபவர்கள். இவர்கள் முன்னோரான ஆசாரியர்கள். மூன்றாவதாக பக்தியின் மிகுதியால் நிலைகுலைந்து, எதையும் முறைப்படி செய்ய முடியாமல் சரணடைபவர்கள். இவர்கள் ஆழ்வார்கள்.

அந்த மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆழ்வாருக்கு ஏன் பக்தி வழி இல்லை? அன்பு அளவுக்கு மேல் இருப்பதால். முதல் பத்தில் கண்ணன் உரலோடு கட்டுண்டு ஏங்கி நின்றதைச் சொல்ல வந்தவர் "எத்திறம்" என்று வியந்ததோடு மயங்கி விழுந்து ஆறு மாதம் கிடந்தார் என்பது மரபுச் செய்தி. இதே போல இன்னும் இரண்டு இடங்களைச் சொல்வார்கள். இதை வரலாறாக எடுத்துக்கொள்வதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் இதை வைத்து அவர்கள் சொல்ல வருவது துல்லியமானது. அன்றாடக் கடமையைத் தவறாமல் செய்ய வேண்டும், மிதமிஞ்சிய குதூகலம் கூடாது, சோர்வும் கூடாது என்று ஒரு பயிற்சி கேட்கிறது. ஒரு கதை நினைவுக்கு வந்தாலே ஆறு மாதம் விழுந்துவிடுபவர் அந்தப் பயிற்சியில் எப்படிச் சேருவார்? ஏழாவது விதியிலேயே தோற்றுவிடுவார். அன்பு பெருகப் பெருக அது வழியாக இருக்கும் தகுதியை இழக்கிறது.

"அவாவில் வீழ்ந்து" என்பதற்கும் இதுதான் அடிப்படை. அவா இருக்கிறது. ஆனால் அதைக் காட்டி "இதற்கு ஈடாக வா" என்று அவர் கேட்கவில்லை. அன்பு அவரிடம் விலையாக இல்லை.

---

சுடர்க்கொடி

அப்படியென்றால் நான் சொன்னதுதானே? மனம் இருந்தால் போதும். சுற்றி வளைத்து அங்கேதானே வந்திருக்கிறீர்கள். குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொள்ளும். ஆழ்வார் பூனைக்குட்டி. எளிய விஷயம்.

---

திருநகரி

"மனம் இருந்தால் போதும்" என்றால் அந்த மனமும் ஒரு தகுதியாகிவிடும் அம்மா. அதையும் காட்டாமல் நிற்பதைத்தான் சொல்கிறேன். குட்டிகளை இங்கே கொண்டுவந்தால் தென்கலை வடகலை என்று விவாதம் வேறு பக்கம் போய்விடும், ஆனாலும் வேறுபாடு இந்தப் பாட்டைத் தொடுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆழ்வாரால் மற்ற வழிகளைச் செய்ய *முடியவில்லையா*, அல்லது செய்வது *தகாது* என்று விட்டாரா? வேதாந்த தேசிகர் (1268–1369) வழியில் முடியாமைதான் முக்கியம். கையில் எதுவும் இல்லாதவன் என்ற நிலை சரணாகதிக்கான தகுதி, அந்தச் சரணாகதியைச் செய்தாக வேண்டும். லோகாசாரியர் வழியில் முடிந்தவனும் விட வேண்டும், ஏனென்றால் அவன் சொத்தாக இருக்கும் ஆத்மா தன்னை மீட்கத் தானே முயல்வது பொருந்தாது. சரணடைவதைக்கூட வழியாக எண்ணக் கூடாது, அவனே வழி. "நோன்பிலேன்" என்ற ஒரு சொல்லை இரண்டு பேரும் தங்கள் பக்கம் இழுக்கலாம், இழுத்தும் இருக்கிறார்கள்.

---

மீன்கொடி

எல்லோரும் தத்துவத்திலேயே நிற்கிறீர்கள். யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. திருநகரி விவரித்த பக்தி யோகம் யாருக்கு அனுமதி? வேதம் ஓதும் உரிமை உள்ளவர்களுக்கு. பிரம்ம சூத்திரத்தில் சூத்திரருக்கு இந்த வித்தைகளில் தகுதி இல்லை என்று ஒரு பகுதி இருக்கிறது, ராமானுஜரும் ஸ்ரீபாஷ்யத்தில் அதை ஏற்றே எழுதுகிறார். நம்மாழ்வார் வேளாளர் குலத்தில் பிறந்தவர் என்று வைணவ மரபே சொல்கிறது. அப்படியென்றால் "எனக்கு நோன்பு இல்லை, நுண்ணறிவு இல்லை" என்பதில் பணிவு எங்கே, அன்பின் மிகுதி எங்கே? வாசல் சாத்தியிருந்தது. அதைத்தான் அவர் சொல்கிறார் என்று ஏன் படிக்கக் கூடாது?

திருப்பாவையில் ஆண்டாளும் "கறவைகள் பின்சென்று", "அறிவொன்றுமில்லாத ஆய்க்குலத்து" என்று பாடுகிறாள். அதற்கும் இதே மூன்று இல்லாமை உரை சொல்லப்படுகிறது. மாடு மேய்ப்பவர்கள் வாயில் வைத்துத்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது தற்செயலா?

---

திருநகரி

தற்செயல் இல்லை. மரபுக்கும் அது தெரியும். அதனால்தான் சரணாகதிக்குச் சாதி, காலம், இடம் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று அத்தனை அழுத்திச் சொன்னார்கள். ஆனால் உங்கள் வாசிப்பில் ஒரு சிக்கல். ஆளவந்தார் வேதம் ஓதிய அந்தணர், அவருக்கு வாசல் திறந்தே இருந்தது. அவரும் அதே மூன்று இல்லாமையைச் சொல்கிறார். சாத்திய வாசல் மட்டும் காரணம் என்றால் அவர் சொல்ல வேண்டியதில்லை.

---

மீன்கொடி

அவர் சொல்வதற்கு முன்மாதிரி யார்? நம்மாழ்வார்தானே. வெளியே நிறுத்தப்பட்டவர் பாடியதை உள்ளே இருப்பவர் எடுத்துப் பாடுகிறார். அது பெரிய விஷயம்தான், நான் குறைக்கவில்லை. ஆனால் முதலில் பாடியவரின் நிலைமை வேறு, பின்னால் பாடியவரின் நிலைமை வேறு.

---

சிவநேசி

வைணவர்கள் சபையில் ஒரு சைவக் குரல், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி. அதில் அப்பர் சரியைக்கும், சம்பந்தர் கிரியைக்கும், சுந்தரர் யோகத்துக்கும், மாணிக்கவாசகர் ஞானத்துக்கும் எடுத்துக்காட்டு. கவனியுங்கள், நால்வரில் அதிகம் அழுதவரைக் கொண்டுபோய் ஞானத்தில் வைத்திருக்கிறார்கள். அன்புக்கு என்று தனிப் படியே கிடையாது. நான்கு படியிலும் அது ஓட வேண்டும் என்பதால் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மாணிக்கவாசகரும் உங்கள் ஆழ்வார் மாதிரியே பேசுகிறார். திருக்கோத்தும்பியில் "கண்ணப்பன் ஒப்பதோர் அன்பின்மை கண்டபின்" என்கிறார். கண்ணப்பனுக்கு ஒப்பான அன்பு என்னிடம் இல்லை என்று கண்ட பிறகும் என்னை ஆட்கொண்டான். அன்பு இல்லாமை *கண்டபின்* ஆட்கொண்டான் என்றால், அன்பைப் பார்த்து ஆட்கொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்? அதே சமயம் ஒப்பிட எடுத்த கண்ணப்பனைப் பாருங்கள். நோன்பும் தெரியாது, ஆகமமும் தெரியாது. வாயில் நீரைக் கொண்டுவந்து உமிழ்ந்து அபிஷேகம், தின்று பார்த்த இறைச்சி படையல். முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் தினமும் வந்து அதைச் சுத்தம் செய்துவிட்டு அழுகிறார். சிவன் அவரை ஒளிந்திருந்து பார்க்கச் சொல்கிறாரே தவிர, அவருடைய பூசையைத் தப்பு என்று சொல்லவில்லை. சேக்கிழார் அந்த இடத்தில் மிகக் கவனமாக நடக்கிறார் என்று தோன்றும்.

---

கீதா_ர

நீண்ட நாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன், இன்று எழுதத் தோன்றியது. நீங்கள் பேசுவதற்கு இது நேரடியாகப் பொருந்துமா தெரியவில்லை.

அப்பா நாலாயிரத்தில் பெரும்பகுதியை மனப்பாடமாக வைத்திருந்தவர். இப்போது ஞாபகமறதி நோய். என்னையே சில நாள் யார் என்று கேட்கிறார். நான் "கண்ணிநுண்" என்று ஆரம்பித்தால் "சிறுத்தாம்பினால் கட்டுண்ணப் பண்ணிய பெருமாயன்" என்று வாய் தானாக முடிக்கிறது. பெருமாயன் யார் என்று கேட்டால் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கோபம் வந்துவிடும், நான் விட்டுவிடுவேன்.

பக்தி என்றால் அறுபடாத நினைவு என்று திருநகரி ஐயா எழுதியதைப் படித்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். கீதையிலும் கடைசியில் எதை நினைத்து உடலை விடுகிறானோ அதையே அடைகிறான் என்று இருக்கிறது. அப்பாவுக்கு நினைவே இல்லையே. அப்போது இத்தனை வருஷம் ஓதியது?

---

திருநகரி

அம்மா, நேரடியாகவே பொருந்துகிறது. மூன்று இல்லாமை பற்றிய பேச்சுக்கு இதைவிடக் கூர்மையான சோதனை கிடையாது.

நீங்கள் சொன்ன கடைசி நினைவு, பக்தி யோகத்தைத் தன் வழியாகக் கொண்டவனுக்குக் கட்டாயம். அது அவன் முயற்சியின் கடைசிக் கண்ணி. சரணடைந்தவனுக்கு அது கட்டாயம் இல்லை என்பதில் தென்கலை வடகலை இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. இதற்கு அவர்கள் எப்போதும் எடுப்பது வராக சரம சுலோகம். உடலும் மனமும் நன்றாக இருந்த காலத்தில் என்னை நினைத்தவன், பின்னால் கட்டையும் கல்லுமாகக் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன், நானே அழைத்துப் போகிறேன் என்பது அதன் பொருள். நினைக்கும் வேலை கைமாறிவிடுகிறது.

பெரியாழ்வார் இதையே முன்கூட்டிச் செய்துவைத்தார். அப்பாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். இளைப்பு வந்து என்னை நலியும்போது உன்னை நினைக்க மாட்டேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் அரங்கத்து அரவணைப் பள்ளியானே" என்கிறார். தினமும் ஓதியவர் அந்தப் பாட்டை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். சொல்லிவைத்தாகிவிட்டது.

---

மௌனி

கீதா, எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லலாமா? நினைவு மனத்தின் வேலை. அப்பா அந்த மனம் இல்லை. மறந்தது எதுவோ அது அவர் அல்ல.

---

கீதா_ர

மௌனி சார், நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் என்னை மறந்தது அவர்தான், வேறு யாரும் இல்லை. அதை வேறு மாதிரி யோசிக்க எனக்கு வரவில்லை. திருநகரி ஐயா சொன்னது உதவுகிறது. ஒரே ஒரு சந்தேகம். அவர் முறைப்படி சரணாகதி செய்தாரா, பஞ்ச சம்ஸ்காரம் ஆனதா என்று எனக்குத் தெரியாது. அம்மா இருந்தால் கேட்டிருப்பேன். செய்யவில்லை என்றால்?

---

மீன்கொடி

கீதா, நான் நம்பிக்கை இல்லாதவன். இதெல்லாம் ஆறுதலுக்காகக் கட்டிய ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று. நீங்கள் கேட்ட கேள்விக்கு மேலே தேசிகர், லோகாசாரியர் என்று பிரித்தார்களே, அங்கே பதில் பிரிகிறது. செய்தாக வேண்டும் என்பவர் ஒருவர், அவனே வழி என்பவர் இன்னொருவர். முன்பு அது வெறும் நூல் சண்டை மாதிரி தெரிந்தது.

---

திருநகரி

மீன்கொடி சரியாகச் சொன்னார். தேசிகர் வழியில் ஆசாரியர் மூலம் ஒருமுறை செய்திருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆசாரியர் யார் என்று விசாரித்தால் தெரியும். பல வீடுகளில் சிறு வயதிலேயே ஆகியிருக்கும். லோகாசாரியர் வழியிலும் பஞ்ச சம்ஸ்காரமும் ஆசாரியத் தொடர்பும் உண்டு, ஆனால் பலன் அந்தச் செயலில் தொங்குவதில்லை.

இன்னொன்று. முமுக்ஷுப்படியில், கீதையின் சரம சுலோகத்தை விளக்கும் பகுதியில், லோகாசாரியர் ஒரு விஷயம் சொல்கிறார். எல்லா வழிகளையும் விட்டவனிடம் அவை என்ன ஆகும்? கர்மம் கைங்கரியத்திலே புகும், ஞானம் தன் இயல்பு விளங்குவதிலே புகும், பக்தி அடைய வேண்டியதன் மேலுள்ள ருசியிலே புகும். விட்டது எதுவும் போய்விடவில்லை, வேலை மாறியிருக்கிறது. வழிப்போக்கன் முதலில் கேட்டதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது. ஆழ்வாரிடம் பக்தி வழியாக இல்லை, ருசியாக இருக்கிறது. கீதா அம்மா சொன்னதில், பொருள் போன பிறகும் "சிறுத்தாம்பினால்" என்று வாய் முடிக்கிறதே, அதை நான் எதில் சேர்ப்பேன் என்று கேட்டால் அந்த ருசியில்தான்.

---

கணக்கர்

கர்மம் கைங்கரியத்திலே புகும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதாவது நான் செய்யும் அதே வேலை, கணக்கு மட்டும் என் பெயரில் இல்லை. ஆனால் என் "உடனே" கேள்வி அப்படியே நிற்கிறது சார்.

---

வழிப்போக்கன்

ருசி என்பது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் இப்போது இன்னொரு இடம் இடிக்கிறது. சரணாகதி கத்யத்தில் ராமானுஜர் சரணடைந்த பிறகு பரபக்தி, பரஞானம், பரமபக்தி மூன்றையும் எனக்குக் கொடு என்று *கேட்கிறார்*. ஸ்ரீபாஷ்யத்தில் பக்தி நாம் ஏறிச் சேர வேண்டிய ஒன்று. கத்யத்தில் அவன் தர வேண்டிய ஒன்று. இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று மரபு சொல்கிறது, சில ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஆசிரியர் சண்டையை விட்டுவிட்டு, கருத்தை மட்டும் வைத்து இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? திருநகரி ஐயா நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். சிவநேசி, உங்கள் பக்கத்திலும் அன்பையே வரமாகக் கேட்கும் பாட்டுகள் உண்டே. அவை ஞானப் படியில் நிற்பவர் கேட்பதா, அதற்கு முன் நிற்பவர் கேட்பதா?

---

சிவநேசி

காரைக்கால் அம்மையார் "இறவாத இன்ப அன்பு" வேண்டும் என்று கேட்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். அதைக் கேட்கும்போது அவர் கயிலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று கேட்டதால் அதை எந்தப் படி என்று சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. பிறவாமை வேண்டும் என்று அதற்கு அடுத்துத்தான் கேட்கிறார், வரிசையைக் கவனியுங்கள். நாளை விரிவாக எழுதுகிறேன்.